பருப்புச் சோறு, நெய், கொஞ்சம் கீரை: செரிமானப் பாடத்தை ஒரே சாப்பாட்டில் நடத்துவது எப்படி

செரிமானப் பாடத்தை முதல்முறை எடுக்கிறவர்கள் பெரும்பாலும் படத்தில்தான் தொடங்குவோம். வாய், உணவுக்குழல், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் என்று கோடு இழுத்துப் பெயர் எழுத வைப்போம். மறுநாள் நொதிகளின் அட்டவணை. பிள்ளைகள் இரண்டையும் நெட்டுரு போட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் ஏழாம் வகுப்புப் பையனைக் கூப்பிட்டு, "மத்தியானம் சாப்பிட்டியே, அந்தச் சோறு இப்ப எங்க இருக்கு, என்னவா இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "வயித்துல இருக்கு டீச்சர், அரைஞ்சுக்கிட்டு இருக்கு" என்பான். அமைலேஸ் என்ற பெயர் அவனுக்குத் தெரியும். அது தன் வாயில் இருக்கிறது என்பதுதான் தெரியாது.

நானும் சில வருடம் அப்படித்தான் நடத்தினேன். இப்போது உறுப்புகளை விட்டுவிட்டு உணவைப் பின்தொடர்கிறேன். அதைப் படிப்படியாகக் கீழே எழுதியிருக்கிறேன். வகுப்பில் நடத்தினால் மூன்று பாடவேளை பிடிக்கும். வீட்டில் ஒரு பிள்ளைக்குச் சொல்லித்தர ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

முதல் படி: தட்டில் என்ன வைப்பது

பிரியாணி, சாம்பார் சாதம் எல்லாம் வேண்டாம். சோறு, துவரம்பருப்பு, ஒரு தேக்கரண்டி நெய், ஓரத்தில் கொஞ்சம் முருங்கைக்கீரைப் பொரியல். அவ்வளவுதான். கரும்பலகையில் சோறு, பருப்பு, நெய் என்று மூன்று பத்தி மட்டும் போடுங்கள். இடதுபக்கம் மேலிருந்து கீழாக வாய், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல். கீரைக்குப் பத்தி போடாதீர்கள். யாராவது கேட்டால், "கடைசியில பாப்போம்" என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள்.

சோறு மாவுச்சத்துக்கு, பருப்பு புரதத்துக்கு, நெய் கொழுப்புக்கு. இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. துவரம்பருப்பில் புரதத்தைவிட மாவுச்சத்துதான் அதிகம். 100 கிராம் பருப்பில் புரதம் சுமார் 22 கிராம்தான். மாவுச்சத்து அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். சோற்றிலும் கொஞ்சம் புரதம் உண்டு. ஆகவே 'பருப்பு' என்ற பத்தி, பருப்பில் இருக்கும் புரதத்தை மட்டும் குறிக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மூன்றாம் பாடவேளையில் ஒரு பிள்ளை சத்துப் பட்டியலோடு வந்து நிற்கும்.

இரண்டாம் படி: நொதி என்றால் என்ன, அடுக்களையிலிருந்தே

தமிழ்நாட்டுப் பாடநூலில் நொதி என்றும் செரிமானம் என்றும் இருக்கும். இலங்கைப் பாடநூலில் நொதியம், சமிபாடு. எந்தச் சொல்லானாலும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது ஒரு உருவம். நான் அரிவாள்மனையைக் காட்டுவேன். எத்தனை கத்தரிக்காய் நறுக்கினாலும் அரிவாள்மனை தீர்ந்துபோவதில்லை. அதே மனை அடுத்த காயை நறுக்கும். நொதியும் அப்படித்தான். வெட்டிவிட்டு, தான் மாறாமல் அடுத்ததற்குப் போகும். இன்னொன்று, தேங்காய்த் துருவியை வைத்துக் கத்தரிக்காய் நறுக்க முடியாது. மாவுச்சத்தை வெட்டும் நொதி புரதத்தைத் தொடாது, புரதத்தை வெட்டுவது நெய்யைத் தொடாது.

வெட்டப்படுவது எது? மாவுச்சத்தை ஒரு நீண்ட மணிமாலையாகச் சொல்லுங்கள். மணி ஒவ்வொன்றும் குளுக்கோஸ். எல்லா மணியும் ஒரே மாதிரி. புரதமும் மாலைதான், ஆனால் இருபது வகை மணி கலந்து கோத்தது. அந்த மணிகள்தான் அமினோ அமிலங்கள். கொழுப்பு மாலை அல்ல. ஒரு சின்னப் பிடியில் மூன்று நீள வால் ஒட்டியிருக்கும். முழு மாலை குடல்சுவரைத் தாண்டி உள்ளே போகாது. தனி மணிதான் போகும். ஆக, செரிமானம் என்றால் மாலையை அறுத்து மணியாக்குவது.

அரிவாள்மனை உவமைக்கு ஓர் எல்லை உண்டு. மனையைக் கொதிநீரில் போட்டு எடுத்தாலும் அது வெட்டும். நொதி வெட்டாது. நொதியே ஒரு புரதம். கொதிக்க வைத்தால் முட்டையின் வெள்ளைக்கரு வெந்துபோவதுபோல அதன் வடிவம் குலைந்துவிடும், ஆற வைத்தாலும் பழைய வடிவம் திரும்பாது. "நொதி செத்துப்போச்சு" என்று பிள்ளைகள் எழுதுவார்கள். அது உயிரில்லாத பொருள், சாக முடியாது என்று அங்கேயே திருத்திவிடுங்கள்.

மூன்றாம் படி: வாய்

மணி 12.40. முதல் கவளம். பாடத்தில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். ஏனென்றால் நொதி வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க முடிகிற ஒரே இடமும் இதுதான்.

முதலில் வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் ஒரு நிமிடம் மெல்லச் சொல்லுங்கள். பலருக்கு லேசாக இனிக்கும். உமிழ்நீரில் இருக்கும் அமைலேஸ் மாலையை இரண்டிரண்டு மணியாக வெட்டுகிறது. அந்த இரட்டை மணிக்கு மால்டோஸ் என்று பெயர், அதற்கு இனிப்பு உண்டு. சில பிள்ளைகளுக்கு ஒன்றுமே தெரியாது. அவர்கள் பொய் சொல்லவில்லை. உமிழ்நீரில் அமைலேஸின் அளவு ஆளுக்கு ஆள் நிறையவே மாறும்.

அடுத்து சோதனை. அரைத் தேக்கரண்டி அரிசிமாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொதிக்க வைத்து, நன்றாக ஆற விடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் போவிடோன் அயோடின் கரைசலில் ஒரு தேக்கரண்டிக்குப் பத்து தேக்கரண்டி தண்ணீர் கலந்தால் வெளிர் தேநீர் நிறம் வரும். ஒரு சொட்டுக் கஞ்சியில் இதை ஒரு சொட்டு விட்டால் கருநீலம். மாவுச்சத்து இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

நான்கு சின்னக் கிண்ணங்கள் எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி கஞ்சி ஊற்றுங்கள். முதல் கிண்ணத்தில் அரைத் தேக்கரண்டி தண்ணீர். இரண்டாவதில் அரைத் தேக்கரண்டி உமிழ்நீர். மூன்றாவதில் கொதிக்க வைத்து ஆற்றிய உமிழ்நீர், அதே அளவு. நான்காவதில் அரைத் தேக்கரண்டி வினிகரோடு உமிழ்நீர். கிண்ணங்களை வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள தட்டில் வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து வெள்ளைத் தட்டில் அயோடினோடு சேர்த்துப் பாருங்கள். முதல், மூன்றாம், நான்காம் கிண்ணங்களின் சொட்டு கடைசிவரை நீலமாகவே இருக்கும். இரண்டாம் கிண்ணத்தின் சொட்டு மட்டும் கருநீலத்திலிருந்து ஊதா, செம்பழுப்பு என்று இறங்கி, கடைசியில் அயோடினின் தேநீர் நிறத்துக்கே வந்துவிடும். பத்து நிமிடத்துக்குள் பெரும்பாலும் முடியும்.

எங்கே சறுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கஞ்சி சூடாக இருந்தால் மாவுச்சத்து இருந்தும் நீலம் தோன்றாது, ஆறியபின் தோன்றும். கஞ்சி கெட்டியாக இருந்தால் மணி அடித்தும் நிறம் மாறாது, தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்யுங்கள். என்னை மிகவும் படுத்தியது மூன்றாவது. ஒரு வருடம் வினிகர் இல்லையென்று எலுமிச்சைச் சாறு பிழிந்தேன். நான்காம் கிண்ணத்தின் சொட்டு உடனே நிறமிழந்து வெளுத்துவிட்டது. அமிலத்தில் அமைலேஸ் இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்று பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நானும் ஒருநாள் முழுக்கக் குழம்பினேன். நடந்தது வேறு. எலுமிச்சையில் இருக்கும் வைட்டமின் சி அயோடினின் நிறத்தையே போக்கிவிடுகிறது. மாவுச்சத்து அப்படியேதான் இருந்தது, அதைக் காட்டிக்கொடுக்க வேண்டிய அயோடின்தான் இல்லாமல் போயிற்று. எப்படிக் கண்டுபிடிப்பது? சொட்டு தேநீர் நிறத்தில் நின்றால் மாவுச்சத்து தீர்ந்தது. தண்ணீர்போல வெளுத்துவிட்டால் அயோடின் தீர்ந்தது. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டவே இப்போதெல்லாம் ஐந்தாவதாக ஓர் எலுமிச்சைக் கிண்ணமும் வைக்கிறேன்.

உமிழ்நீர் என்றால் சரி, எச்சில் என்றால் முகம் சுளிப்பு. இரண்டும் ஒன்றுதான் என்பதே சிலருக்குப் புதுச்செய்தி. வாயைக் கொப்பளித்துவிட்டு அவரவர் உமிழ்நீரை அவரவர் கிண்ணத்தில்தான் எடுக்க வேண்டும். முடிந்ததும் பாத்திரங்களைக் கொதிநீரில் கழுவிவிடுங்கள். அயோடின் பட்ட எதையும் வாயில் வைக்கக் கூடாது.

கரும்பலகையில் வாய் என்ற வரிசைக்கு வாருங்கள். சோறு: வெட்டத் தொடங்கியாயிற்று. பருப்பு: அரைபட்டது, வெட்டுப்படவில்லை. நெய்: உருகியது, அவ்வளவுதான். பிள்ளைகளையே சொல்ல வைத்து எழுதுங்கள்.

நான்காம் படி: விழுங்குவது

இதற்கு இரண்டு நிமிடம் போதும். உணவுக்குழலின் நீளம் சுமார் 25 செ.மீ., ஓர் அடி ஸ்கேலைவிடக் கொஞ்சம் குறைவு. கவளம் தானாக விழுவதில்லை. பற்பசைக் குழாயைப் பிதுக்குவதுபோல தசைகள் அலையலையாகச் சுருங்கித் தள்ளுகின்றன. அதனால்தான் தலைகீழாக நின்று குடித்தாலும் தண்ணீர் வயிற்றுக்குப் போகும். (வீட்டில் செய்துபார்க்காதே என்று உடனே சொல்லிவிடுங்கள். புரையேறும்.) இங்கே புதிய நொதி எதுவும் இல்லை.

ஐந்தாம் படி: இரைப்பை

மணி 1. உணவு அமிலத்துக்குள் வந்து சேர்கிறது. நான்காம் கிண்ணத்தை நினைவுபடுத்துங்கள். வினிகரில் அமைலேஸுக்கு என்ன ஆயிற்றோ அதுதான் இங்கேயும். இரைப்பையின் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வினிகரைவிடக் கடுமையானது. ஆனால் கவளத்தின் நடுப்பகுதிக்கு அமிலம் ஊறிச் செல்லக் கொஞ்ச நேரம் ஆகும், அதுவரை உள்ளே அமைலேஸ் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். பிறகு நின்றுவிடும். சோறு பத்தியில் 'நிறுத்தம்' என்று எழுதுங்கள்.

இப்போது பருப்பின் முறை. பெப்சின் என்ற நொதி புரத மாலையைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. அமைலேஸ் முடங்கும் அதே அமிலத்தில்தான் பெப்சின் சுறுசுறுப்பாகிறது. ஒவ்வொரு நொதிக்கும் தனக்கென்று ஒரு சூழல் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் பாடத்தில் வேறில்லை.

நிச்சயம் ஒரு பிள்ளை கேட்கும்: "இரைப்பையும் புரதந்தானே டீச்சர், அதை ஏன் வெட்டல?" அருமையான கேள்வி. இரைப்பைச் சுவர் பெப்சினை நேரடியாகச் சுரப்பதில்லை. உறையில் போட்ட கத்திபோலப் பெப்சினோஜன் என்ற வடிவத்தில்தான் சுரக்கிறது. அமிலத்தில் கலந்தபிறகுதான் உறை கழல்கிறது. சுவரின் மேல் கெட்டியான சளிப்படலமும் பூசியிருக்கிறது. அந்தப் படலம் பழுதானால் சுவர் அரிபடும். அதுதான் வயிற்றுப்புண்.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்வேன், வகுப்பு ஊசி விழுந்தாலும் கேட்கும் அளவுக்கு அமைதியாகிவிடும். 1822-ல் அமெரிக்காவின் மக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞர் துப்பாக்கி வெடித்துக் காயமடைந்தார். வில்லியம் பியூமான்ட் என்ற ராணுவ மருத்துவர் பிழைக்க வைத்தார். காயம் ஆறியது, ஆனால் இரைப்பைக்குள் திறக்கும் ஒரு துளை மூடவே இல்லை. 1825-லிருந்து பியூமான்ட் இறைச்சி, ரொட்டித் துண்டுகளைப் பட்டுநூலில் கட்டி அந்தத் துளை வழியே உள்ளே இறக்கி, நேரம் பார்த்து வெளியே எடுத்துக் கவனித்தார். இரைப்பைநீரை வெளியே எடுத்துச் சிறு குப்பியில் ஊற்றி, உடல்சூட்டில் வைத்து இறைச்சியைப் போட்டார். பிசைய வயிறு இல்லாமலேயே குப்பிக்குள் இறைச்சி கரைந்தது. செரிமானம் வெறும் அரைப்பு இல்லை, அந்த நீரில் ஏதோ இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. அந்த 'ஏதோ'வுக்கு 1836-ல் தியோடார் ஷ்வான் பெப்சின் என்று பெயர் வைத்தார். வயிற்றில் துளையோடு பரிசோதனைக்கு உட்பட்ட அந்த ஏழைத் தொழிலாளிக்கு இதில் எவ்வளவு விருப்பம் இருந்தது என்று பிள்ளைகள் கேட்டால், அந்த விவாதத்தைத் தடுக்காதீர்கள்.

ஆறாம் படி: சிறுகுடலின் முதல் சாண்

இரைப்பை கூழைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கீழே விடும். 12.40-க்குச் சாப்பிட்டது முழுதாக இறங்க மாலை நான்குகூட ஆகலாம். நெய் கூடினால் இன்னும் தாமதம். நெய் விட்ட சாப்பாடு 'நெடுநேரம் பசி தாங்கும்' என்று பாட்டி சொன்னது இதைத்தான்.

சிறுகுடலின் நீளம் சுமார் 6 மீட்டர். கயிறு ஒன்றை வகுப்பறையில் இழுத்துக் காட்டுங்கள். முக்கியமான வேலைகள் அதன் முதல் சாணில், முன்சிறுகுடலில் தொடங்குகின்றன. அங்கே இரண்டு பேர் வந்து சேர்கிறார்கள். கல்லீரலில் சுரந்து பித்தப்பையில் காத்திருக்கும் பித்தநீர் ஒன்று, கணையநீர் இன்னொன்று. கணையநீரில் இருக்கும் பைகார்பனேட், ஆப்பச்சோடா புளிப்பை முறிப்பதுபோல, இரைப்பையிலிருந்து வந்த அமிலத்தை முறிக்கிறது. அமிலம் முறிந்ததும் பெப்சின் நின்றுபோகிறது.

பித்தநீரில் செரிமான நொதி கிடையாது. தேர்வுத்தாளில் நான் அதிகம் சிவப்புக்கோடு போடும் இடம் இது. அது வெட்டுவதில்லை, சிதறடிக்கிறது. காட்டுவதற்கு இரண்டு கண்ணாடிப் பாட்டில் போதும். இரண்டிலும் பாதி தண்ணீர், ஒரு தேக்கரண்டி எண்ணெய். ஒன்றில் மட்டும் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். இரண்டையும் குலுக்கி வையுங்கள். சோப்பு இல்லாத பாட்டிலில் சிறிது நேரத்தில் எண்ணெய் மேலே சேர்ந்துவிடும். சோப்பு விட்டது பால்போலக் கலங்கியே நிற்கும். எண்ணெய் அங்கே எண்ணெயாகவேதான் இருக்கிறது, சின்னச் சின்னத் துளியாக. பித்தநீர் நெய்க்குச் செய்வது அதுதான்.

துளி சிறிதானால் என்ன லாபம்? கொழுப்பை வெட்டும் நொதி லிப்பேஸ். அது தண்ணீரில் இருக்கிறது, நெய் தண்ணீரில் கரையாது. ஆகவே துளியின் மேற்பரப்பில்தான் லிப்பேஸால் வெட்ட முடியும். கணக்காகப் போட்டுக் காட்டுங்கள். 1 செ.மீ. பக்கமுள்ள ஒரு கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர செ.மீ. அதையே 1 மி.மீ. கனசதுரங்களாக நறுக்கினால் 1000 துண்டு, மொத்த மேற்பரப்பு 60 சதுர செ.மீ. நெய் அதே அளவு, வெட்டும் இடம் பத்து மடங்கு. பித்தநீர் நறுக்கும் துளிகள் இதைவிட எவ்வளவோ சிறியவை.

பித்தப்பையை எடுத்துவிட்ட உறவினர் யாராவது ஒரு பிள்ளைக்கு இருப்பார்கள். "அவங்க எப்படி நெய் சாப்பிடுறாங்க?" என்று கேள்வி வரும். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல், பித்தப்பை வெறும் சேமிப்புத் தொட்டி. தொட்டி போனாலும் நீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்கு வந்துகொண்டுதான் இருக்கும்.

கணையம் மூன்று பத்திக்கும் ஆள் அனுப்புகிறது. நெய்யின் வாலை வெட்ட லிப்பேஸ். பருப்பின் துண்டுகளை இன்னும் சிறிதாக்க டிரிப்சின், இதுவும் உறையில் போட்டே வருகிறது. நிறுத்தி வைத்திருந்த சோற்றுக்குப் புதிய அமைலேஸ். சோறு பத்தியில் 'நிறுத்தம்' என்பதற்குக் கீழே 'மறுபடி தொடக்கம்' என்று எழுதுங்கள். ஒரே பெயருள்ள நொதி ஏன் இரண்டு இடத்தில் சுரக்கிறது என்ற குழப்பம் தீர்ந்துவிடும்.

ஏழாம் படி: குடல்சுவர்

இன்னும் முடியவில்லை. சோறு இரட்டை மணியில் நிற்கிறது. அதைத் தனித்தனியாக அறுக்கும் மால்டேஸ் குடல்சுவரின் மேலேயே பொருந்தியிருக்கிறது. பாலின் சர்க்கரையை அறுக்கும் லாக்டேஸும் அங்கேதான். வயது ஏற ஏறப் பலருக்கு லாக்டேஸ் குறைந்துவிடும். அவர்களுக்குத்தான் ஒரு டம்ளர் பால் குடித்தால் வயிறு உப்புகிறது. தயிரில் அந்தச் சர்க்கரையின் ஒரு பகுதியைப் பாக்டீரியாக்கள் முன்பே தின்றுவிடுவதால் அது அவ்வளவாகப் படுத்தாது.

சுவர் முழுக்கத் துண்டுத் துணியின் நூல்போலக் குடலுறிஞ்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு பூத்துண்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், படத்தைவிட நன்றாகப் புரியும். குடலை விரித்தால் டென்னிஸ் களம் அளவு வரும் என்று பல நூல்கள் சொல்லும். 2014-ல் சுவீடன் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது செரிமானப் பாதை முழுவதற்கும் சுமார் 32 சதுர மீட்டர்தான் வந்தது. அது பாதி பேட்மிண்டன் களத்துக்கும் குறைவு.

குளுக்கோஸும் அமினோ அமிலமும் உறிஞ்சிகளின் ரத்தக்குழாய்க்குள் போய் நேரே கல்லீரலுக்குச் செல்கின்றன. நெய்யிலிருந்து வந்தவை சுவருக்குள் மறுபடி கொழுப்பாகக் கட்டப்பட்டு, நிணநீர்க் குழாய் வழியே சுற்றிப்போய் ரத்தத்தில் சேர்கின்றன. சோற்றுக்கும் பருப்புக்கும் ஒரு வாசல், நெய்க்கு வேறு வாசல். பலகையில் மூன்று பத்திக்கும் 'உள்ளே' என்று எழுதிக் கோடு இழுத்துவிடலாம்.

எட்டாம் படி: மீதம்

இப்போது ஒரு பிள்ளை கேட்க வேண்டும்: "கீரை எங்க டீச்சர்?" கேட்காவிட்டால் நீங்கள் தட்டைச் சுட்டிக்காட்டுங்கள். நான்காவது பத்தியைப் போட்டு, மேலிருந்து ஒவ்வொரு வரிசையாக வாருங்கள். கீரையின் நார் செல்லுலோஸ். அதுவும் குளுக்கோஸ் மணிமாலைதான். சோற்றில் இருக்கும் அதே மணி. ஆனால் மணிக்கும் மணிக்கும் இடையிலான முடிச்சு வேறு மாதிரி போட்டது. அமைலேஸால் அந்த முடிச்சை அவிழ்க்க முடியாது. வாய்: ஒன்றுமில்லை. இரைப்பை: ஒன்றுமில்லை. சிறுகுடல்: ஒன்றுமில்லை. கீரையிலிருந்து மற்ற சத்துகளை உறிஞ்சிக்கொண்டு, நாரை அப்படியே பெருங்குடலுக்குத் தள்ளிவிடுகிறோம்.

பருப்பிலும் இப்படி நம்மால் வெட்ட முடியாத சில சிறு சர்க்கரைகள் உண்டு. ராஃபினோஸ் அவற்றில் ஒன்று. பெருங்குடலில் காத்திருக்கும் பாக்டீரியாக்களிடம் அதற்கான நொதி இருக்கிறது. அவை தின்னும்போது வாயு உண்டாகிறது. வகுப்பு சிரித்து முடிக்க ஒரு நிமிடம் கொடுங்கள். பருப்பை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால், சர்க்கரையில் ஒரு பங்கு அதோடு போய்விடும்.

பெருங்குடல் மீதமிருக்கும் தண்ணீரை உறிஞ்சும். இங்கே ஒரு நாளோ அதற்கு மேலோகூட ஆகும். ஆக, இன்று மத்தியானச் சாப்பாட்டின் மீதம் நாளைக் காலையிலேயே வெளியே வந்துவிட வேண்டும் என்று கட்டாயமில்லை.

கடைசியாக ஒரு கேள்வியை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்: மாடு வெறும் வைக்கோலைத் தின்று வளர்கிறதே, அதற்கு மட்டும் அந்த முடிச்சை அவிழ்க்கும் நொதி இருக்கிறதா? மறுநாள் பாதிப் பேர் 'இருக்கிறது' என்றே எழுதி வருவார்கள். மாட்டுக்கும் இல்லை. அதன் முதல் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிரிகளிடம்தான் இருக்கிறது.